சூழலுக்கேற்ற தலைமை

குழுவில் ஆளுக்கு ஆள் வேறு மாதிரி நடத்துவதுதான் சூழலுக்கேற்ற தலைமையா? எதற்காக அப்படி?

ஒருவருக்கு அந்த வேலை எவ்வளவு தெரியும், அதில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று பார்த்து, சொல்லித்தருவதையும் துணைநிற்பதையும் கூட்டிக் குறைப்பதுதான் இது. அமெரிக்க மேலாண்மை அறிஞர்கள் பால் ஹெர்சியும் கென் பிளாஞ்சர்டும் 1969-இல் இதை முன்வைத்தார்கள்.

கார் ஓட்டப் பழகுவதைப் பாருங்கள். முதல் நாளில் கிளட்சை எப்போது விடுவது என்று சொல்லியே ஆக வேண்டும். அப்புறம் ஒரு கட்டம் வரும்: ஓட்டத் தெரியும், மேட்டில் வண்டி நின்றுவிடுமோ என்று பயம். அவருக்குப் பாடம் வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

பல மேலாளர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தயக்கத்தைத் தெரியாமை என்று நினைத்து மறுபடி கட்டளையிட, இருந்த நம்பிக்கையும் போய்விடுகிறது. "நீங்கள் செய்தால் எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். படிகளைச் சரியாகச் சொன்னால் குறை திறமையில் இல்லை.

இது ஆளுக்குக் குத்தும் முத்திரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; அளவுகோல் வேலைக்கு வேலை மாறும், பழுத்த கணக்காளரும் புது மென்பொருளில் புதியவர்தான்.