திரையில் 4.2, கையில் எவ்வளவு? விளம்பரக் கணக்குக் கேள்வி பதில்

"அக்கா, இளம்பிள்ளை சேலை விற்கிறேன். போன மாதம் இன்ஸ்டாகிராமில் 30,000 ரூபாய்க்கு விளம்பரம். 100 ஆர்டர், ரோவாஸ் 4.2 என்று காட்டுது. ஆனா பேங்கில் ஒண்ணும் மிஞ்சலை. சேலை ஜிஎஸ்டி சேர்த்து 1,260, அடக்கம் 700. 60 ஆர்டர் சிஓடி, அதில் 15 திரும்பி வந்துடுச்சு."

ரோவாஸ் என்றால் விளம்பரத்துக்குப் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ரூபாய் விற்பனை என்பது. இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா 100 ஆர்டரையும் 1,260 ஆல் பெருக்கி 1,26,000 ஆக்கி, அதை 30,000 ஆல் வகுத்திருக்கிறது. அதனால்தான் 4.2. பார்சல் திரும்பி வந்தது அதற்குத் தெரியாது. அரசுக்குப் போகும் 60 ரூபாய் வரியும் தெரியாது. உங்களுக்கு வந்து சேர்ந்தது 85 சேலைக்கு 1,200 வீதம் 1,02,000 மட்டும். அதாவது 3.4.

அடுத்தது மிச்சம். கூரியர் 80, பேக்கிங் 20 என்று வைத்துக்கொள்கிறேன். 1,200-இல் அடக்கத்தையும் இதையும் கழித்தால் சேலைக்கு 400 நிற்கும். 85 சேலைக்கு 34,000. திரும்பி வந்த 15-க்கும் போன கூரியர், பேக்கிங் எல்லாம் செலவுதான். திரும்பி வரும் கட்டணம் 70 சேர்த்தால் பார்சலுக்கு 170, ஆக 2,550. மீதி 31,450. விளம்பரம் 30,000 போக உங்கள் கையில் நின்றது 1,450 ரூபாய். பேமென்ட் கேட்வே கமிஷன், சிஓடி கட்டணம் இரண்டையும் நான் இன்னும் தொடவே இல்லை.

அந்த 31,450 முழுவதும் விளம்பரத்துக்கே போயிருந்தால் கையில் ஒன்றும் நின்றிருக்காது. இதிலிருந்து ஒரு எண்ணை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்:

```
1,26,000 / 31,450 = 4.0
```

உங்கள் கடைக்குத் திரையில் 4 என்று காட்டினால்தான் முட்டுவழி, அதாவது லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 4.2 என்பது அதற்கு ஒரு நூல் மேலே. திரும்பி வருவது 15-லிருந்து 8 ஆகக் குறைந்தால் இந்தக் கோடு 3.6-க்கு இறங்கிவிடும். விளம்பரத்தைத் திருத்துவதைவிட, சிஓடி ஆர்டர் வந்ததும் போன் போட்டு உறுதி செய்வது உங்களுக்கு இப்போது அதிகம் சம்பாதித்துத் தரும்.

விளம்பர பில்லில் வரும் 18% ஜிஎஸ்டியை நான் சேர்க்கவில்லை, நீங்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வீர்கள் என்பதால். பதிவு இல்லாதவர்களும் காம்போசிஷனில் இருப்பவர்களும் 30,000-க்குப் பதில் 35,400 என்று போட வேண்டும்.

"ரோவாஸ் 3 தாண்டினால்தான் லாபம்னு ஒரு கோர்ஸில் சொன்னாங்க. ஆன்லைனில் தையல் வகுப்பு நடத்துறேன். 2.6-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. நிறுத்திடலாமா மேடம்?"

வேண்டாம். அந்த 3, நூறு ரூபாய் விற்றால் 33 ரூபாய் மிஞ்சும் வியாபாரத்துக்குச் சரியான எண். உங்களுக்குக் கூரியரும் இல்லை, அடக்கமும் இல்லை. நூறில் 85 மிஞ்சினால் 1.2-லேயே முட்டுவழி வந்துவிடும். 2.6-இல் இருந்துகொண்டு நிறுத்தினால் மாணவர்களை நீங்களே திருப்பி அனுப்புகிற மாதிரி.

"அக்கா, மறுபடியும் நான்தான், சேலை. அப்போ என் சிஏசி 300-னு எழுதிக்கலாமா? 85 பேரில் 25 பேர் ஏற்கெனவே வாங்கினவங்க. ரீல்ஸ் எடிட் பண்ற தம்பிக்கு 5,000 தனி."

300 என்பது திரை காட்டும் ஒரு ஆர்டரின் விலை. சிஏசி என்பது ஒரு புது வாடிக்கையாளரைக் கொண்டுவர ஆகும் செலவு, அதற்குப் புது ஆட்களை மட்டும் எண்ண வேண்டும். கையில் சேலை போய்ச் சேர்ந்த புது ஆட்கள் 60 பேர். செலவில் எடிட்டர் தம்பியும் உண்டு, ஆக 35,000. வகுத்தால் 583.

ஒரு புது ஆள் முதல் சேலையில் தருவது 400. அவரைக் கொண்டுவர 583. இரண்டாவது சேலை வாங்கினால்தான் அவர் லாபம். கொஞ்சம் கறாரான கணக்குதான் இது, ஏனென்றால் பழைய 25 பேருக்குக் காட்டிய விளம்பரச் செலவும் புது ஆட்கள் தலையில் விழுகிறது. பழைய வாடிக்கையாளர்களின் போன் எண் பட்டியலை ஏற்றி, அவர்களை விலக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். சிஏசி தெளிவாகும். கூடவே அந்த 25 பேர் வெறும் வாட்ஸ்அப் செய்தியிலேயே வாங்கியிருப்பார்களா என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் வாங்குவார்கள் என்பது என் கணிப்பு.

"வெப்சைட் எல்லாம் இல்லைங்க. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மூணு பாக்கெட் செட் 420 ரூபாய். விளம்பரத்தை அழுத்தினா வாட்ஸ்அப் வரும். Cost per result 38 ரூபாய்னு காட்டுது. என் சிஏசி 38 தானே? ரொம்ப நல்லா இருக்கே!"

38 ரூபாய்க்கு உங்களுக்குக் கிடைத்தது ஒரு "விலை என்ன?" மட்டும்தான். நூறு பேர் கேட்டால் 3,800 ரூபாய் செலவு. அதில் எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள் என்பது உங்கள் போனில்தான் இருக்கிறது. 12 பேர் என்றால் சிஏசி 317.

பொடி திரும்பத் திரும்ப வாங்கும் பொருள், அதனால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு செட்டில் 150 மிஞ்சுகிறது என்றால் 12 பேரின் முதல் ஆர்டரில் 1,800 வந்தது. இன்னும் 2,000 வர வேண்டும். அதே 12 பேரிடமிருந்து மேலும் 14 ஆர்டர். மூன்று மாதத்தில் வருகிறதா என்று பாருங்கள். "என் கஸ்டமர் எல்லாரும் மாசாமாசம் வாங்குவாங்க" என்று தெரிந்தவர், சொந்தக்காரரை வைத்துச் சொல்லாதீர்கள். விளம்பரத்தில் வந்தவர்கள் வேறு மாதிரி.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தானாக வரும் முதல் செய்தியை மாற்றி வையுங்கள். ஒன்றில் "இட்லிப் பொடி வேண்டும்", இன்னொன்றில் "செட் விலை சொல்லுங்க". வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள் போட்டு, மாதக் கடைசியில் லேபிளை எண்ணினால் போதும்.

"மெட்டா 90 ஆர்டர்ங்குது, கூகுள் அனலிட்டிக்ஸ் 40-ங்குது. ஐபோன்காரங்களை ட்ராக் பண்ண முடியாததால உண்மை 90-க்கும் மேலேன்னு என் ஏஜென்சி சொல்றாங்க. யார் சொல்றது சரி சார்?"

(சார் இல்லை, மேடம். பரவாயில்லை.)

ஏஜென்சி சொல்வது பாதி சரி. 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்தபின் ஐபோன் வழி வரும் சில ஆர்டர்கள் மெட்டாவுக்குத் தெரியாமல் போகின்றன. ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. மெட்டாவின் வழக்கமான அமைப்பு, அழுத்தி ஏழு நாளுக்குள் வாங்கியதையும், அழுத்தாமல் வெறுமனே பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கியதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். Compare attribution settings என்பதில் 1-day view தனியாகத் தெரியும். அங்கே 90-இல் 35 இருந்தால், அந்த 35-ஐ நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அனலிட்டிக்ஸ் பார்த்ததை எண்ணாது, போனில் பார்த்து லேப்டாப்பில் வாங்கினாலும் பெரும்பாலும் தவறவிடும். அதனால் 40 குறைவு, 90 கூடுதல். நடுவில் எங்கே என்று இரண்டு திரையும் சொல்லாது.

கொஞ்சம் நெருங்க ஒரு வழி இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் மூன்று வாரம் விளம்பரத்தை நிறுத்துங்கள், மற்ற இடங்களில் ஓடட்டும். முன்பு மொத்த ஆர்டரில் இந்த மூன்றின் பங்கு 30% இருந்து, இப்போது 22% ஆனால் அந்தச் சரிவுதான் விளம்பரம் ஆர்டர் கொண்டுவந்ததைக் காட்டும். தீபாவளி நெருக்கத்தில் செய்யாதீர்கள், எல்லாம் குழம்பும். வாரத்துக்கு இருபது ஆர்டர்தான் வருகிறது என்றால் இரண்டு மூன்று ஆர்டரின் ஏற்ற இறக்கமே பங்கை மாற்றிவிடும். அப்படிப்பட்ட கடைக்கு இந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. அங்கே மாத மொத்த விற்பனையை மொத்த விளம்பரச் செலவால் வகுத்து, அந்த ஒரே எண்ணை மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள்.