மூட்டைக்கு 200 மில்லி, அளந்து ஊற்றுங்கள்

கேள்வி: ரூஃப் கான்கிரீட்டில் வாட்டர்ப்ரூஃப் லிக்விட், பிளாஸ்டிசைசர் ரெண்டும் சேர்க்கணுமா? கொஞ்சம் கூடப் போட்டா இன்னும் நல்லதுன்னு மேஸ்திரி சொல்றாரு.

கூடப் போடவே போடாதீர்கள். தண்டையார்பேட்டையில் என் தங்கை வீட்டு ரூஃபில் இதே பேச்சைக் கேட்டு, மூன்று நாள் தூக்கம் போனது.

காலையில் கலவை மிஷின் ஓட ஆரம்பித்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். மூட்டைக்கு 200 மில்லி வாட்டர்ப்ரூஃப் லிக்விட் என்று கேனில் போட்டிருந்தது, அளந்துதான் ஊற்றினார்கள். மதியம் சாப்பிடப் போனேன். வேலையைச் சீக்கிரம் முடிக்க, கடைசி எட்டு மூட்டைக்குப் பையன் குளியல் மக்கிலேயே மொண்டு ஊற்றியிருக்கிறான். போதாததற்கு மேஸ்திரி தன்னிடமிருந்த பிளாஸ்டிசைசரையும் சேர்த்திருக்கிறார். மக்கு ஒரு லிட்டர் பிடிக்கும், அதாவது ஐந்து மடங்கு.

மறுநாள் காலை தங்கை போன் செய்தாள். "அண்ணா, மாடிப்படி பக்கம் மட்டும் இன்னும் ஈரமாவே இருக்கு." போய்க் கட்டைவிரலால் அழுத்தினேன், நகம் முழுக்க உள்ளே போனது. நாலடி தள்ளி அழுத்தினால் கல் மாதிரி இருந்தது.

காரணம் எளிது. கடையில் கிடைக்கும் வாட்டர்ப்ரூஃப் லிக்விட்களில் பலவும், சாதாரண பிளாஸ்டிசைசரும், மரக்கூழிலிருந்து வரும் லிக்னின் சரக்கில் செய்தவை. லேபிள் வேறு, உள்ளே வேலை செய்வது ஒன்றுதான். அளவோடு போட்டால் சிமெண்ட் துகள்களைப் பிரித்துவிட்டு, குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக்கும். அளவு மீறினால் சிமெண்டை இறுகவிடாது, உள்ளே காற்றுக்குமிழியையும் சேர்க்கும், பலம் குறையும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456, பிளாஸ்டிசைசருக்குச் சிமெண்ட் எடையில் 1 சதவீதம்தான் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 50 கிலோ மூட்டைக்கு அது அரை கிலோ. எங்கள் மூலையில் இரண்டும் சேர்ந்து அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போயிருக்கும்.

"உடைச்சுப் போட்டுடலாம்" என்றார் மேஸ்திரி. நான் விடவில்லை. இறுகாத கான்கிரீட் பெரும்பாலும் தாமதமாகத்தான் இறுகும், அதுவரை காய்ந்துவிடக் கூடாது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினோம், யாரையும் மிதிக்க விடவில்லை. மூன்றாம் நாள் காலை விரல் பதியவில்லை. அப்புறம்தான் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினோம். அந்தப் பக்கத்து முட்டுக் கம்புகளை மட்டும் 28 நாள் எடுக்கவில்லை. பிறகு இன்ஜினியர் பலம் பார்க்கச் சுத்தியல் சோதனை செய்தார். மற்ற இடத்தில் 30-ஐ ஒட்டி வந்த ரீடிங் இங்கே 25-தான் வந்தது. வீட்டுக்கு ஆபத்தில்லை என்றார், ஆனால் அந்த மூலையில் வருவதாக இருந்த தண்ணீர்த் தொட்டியை எதிர்மூலைக்கு மாற்றச் சொன்னார். உங்களுக்கும் இதே மாதிரி ஆனால் இன்ஜினியரிடம் காட்டாமல் முடிவெடுக்காதீர்கள்.

"இருபது வருஷமா மக்குலதான் ஊத்துறோம்" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: லிக்விட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலன் உண்டு. ஆனால் அது தண்ணீரைக் குறைத்தால்தான் வரும். மூட்டைக்கு 25 லிட்டர் ஊற்றுகிற இடத்தில் 22 லிட்டரில் அதே இளக்கம் கிடைக்கிறது என்பதுதான் லாபம். லிக்விடையும் ஊற்றிவிட்டு, தண்ணீரையும் பழைய கணக்கிலேயே ஊற்றினால் காசுதான் போகும். வைப்ரேட்டர் சரியாகப் போடாமல் தேன்கூடு மாதிரி ஓட்டை விழுந்த இடத்திலோ, வெடிப்பிலோ ஒழுகுவதை எந்த லிக்விடும் நிறுத்தாது. காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடல் காற்று படும் இடத்தில் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் இந்தத் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

ரெடிமிக்ஸ் எடுப்பதாக இருந்தால் தனியாக எதுவும் சேர்க்காதீர்கள். வழியில் இறுகாமல் இருக்க ரிட்டார்டர் பிளாண்டிலேயே போட்டுவிடுவார்கள். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வரும், வந்ததும் டிரைவர் பைப்பைத் திறந்து தண்ணீர் ஊற்றப் பார்ப்பார். விடாதீர்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கேனில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காலி தண்ணீர் பாட்டிலில் 200 மில்லிக்கு மார்க்கரால் கோடு போடுங்கள் (உங்கள் கேனில் வேறு அளவு இருந்தால் அந்த அளவுக்கு). ஒவ்வொரு மூட்டைக்கும் அந்தக் கோடு வரை எடுத்து, கலவைத் தண்ணீரில் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், காய்ந்த சிமெண்ட் மேல் நேராக ஊற்றக் கூடாது. கடைசி மூட்டை மிஷினில் விழும்வரை சாப்பிடப் போகாதீர்கள்.