கடிதத்தில் ‘கலையரங்கம்’ என்று இருக்கிறது, ஆனால் எங்கே போய் நிற்பது?

கேள்வி: “என் மகளுக்கு பி.எஸ்சி. இயற்பியலுக்கு சேலம் அரசு கலைக் கல்லூரியில் இருந்து அலாட்மென்ட் லெட்டர் மெயிலில் வந்திருக்கிறது. தேதி, காலை 9.30, இடம் கலையரங்கம் என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஆத்தூர் பக்கம். அன்றைக்குக் காலையில் போய் அலைந்துகொண்டிருக்க முடியாது. சரியான ஹாலை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?”

முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள். எல்லோரும் இதை அலாட்மென்ட் லெட்டர் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அரசு கலைக் கல்லூரிகளில் கலந்தாய்வுக்கு முன் வருவது அழைப்புக் கடிதம்தான். சீட் இன்னும் ஒதுக்கப்படவில்லை, அந்த ஹாலில் உட்கார்ந்த பிறகுதான் ஒதுக்குவார்கள். தரவரிசைப்படி கூப்பிட்டுக்கொண்டே போவார்கள், உங்கள் மகளின் எண் வரும்போது அவர் அங்கே இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பிறகு வந்து நின்றால் மிச்சம் இருப்பதில் இருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் முந்தைய நாளே ஹாலைத் தெரிந்துகொள்ள நினைப்பது ரொம்ப சரி.

அடுத்தது, கல்லூரியின் முழுப் பெயரையும் முகவரியையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சேலத்தில் அரசு கலைக் கல்லூரி இரண்டு இருக்கிறது. ஒன்று செர்ரி ரோட்டில் இருப்பது, ‘சேலம் 7’. இன்னொன்று கோரிமேட்டில், ஏற்காடு போகிற பக்கம், மகளிர் கல்லூரி, ‘சேலம் 8’. tngasa.in தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால் ஒரு பெண் பிள்ளைக்கு இரண்டு கல்லூரியில் இருந்தும் கடிதம் வரலாம், இரண்டுக்கும் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். ‘மகளிர்’ என்ற சொல் இருக்கிறதா, கடைசி எண் 7 தானா 8 தானா, இதை உறுதி செய்யாமல் பஸ் ஏறாதீர்கள். கோயம்புத்தூரிலும் இதே கதைதான், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரி, புலியகுளத்தில் அரசு மகளிர் கல்லூரி.

இப்போது கடிதத்துக்குள் வாருங்கள். ஹாலைத் தீர்மானிப்பது ‘இடம்’ என்று போட்டிருக்கிற வரி மட்டும் இல்லை. எந்தப் பாடப்பிரிவு, எந்தத் தரவரிசை என்ற இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே மாணவிக்கு ஒரே கல்லூரியில் மூன்று தரவரிசை எண் இருக்கலாம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணை வைத்து ஒரு பட்டியல், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து ஒன்று, மற்ற பாடங்களுக்கெல்லாம் நான்கு பாடங்களையும் கூட்டி 400க்குப் போடுகிற பொதுப் பட்டியல். உங்களுக்கு இயற்பியல் என்பதால் இந்தக் கடைசிப் பட்டியல்தான்.

ஒரு உதாரணமாகப் பார்ப்போம். உங்கள் மகளுக்குத் தமிழ்ப் பட்டியலில் 96, பொதுப் பட்டியலில் 341 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி இணையதளத்திலோ நோட்டீஸ் போர்டிலோ கலந்தாய்வு அட்டவணை ஒன்று போட்டிருப்பார்கள், அதில் ‘பொதுப் பட்டியல் 1 முதல் 300 வரை முதல் நாள், 301 முதல் 700 வரை இரண்டாம் நாள்’ என்கிற மாதிரி வரிசை இருக்கும். 96 என்று நினைத்துப் போனால் முதல் நாளே போய் நிற்பீர்கள், 341க்கு இரண்டாம் நாள். சில கல்லூரிகள் எண்ணுக்குப் பதிலாக கட் ஆஃப் போடும், ‘400 முதல் 320 வரை’ என்று. அப்படி இருந்தால் மதிப்பெண்ணை வைத்து வரிசையைக் கண்டுபிடியுங்கள். கடிதத்தில் இருக்கிற தேதியும் அட்டவணையில் உங்கள் வரிசைக்கு நேராக இருக்கிற தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே போன் செய்துவிடுங்கள்.

‘சுழற்சி 2’ என்று கடிதத்தில் இருந்தால் மதியம் வரச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது படிக்கப் போகிற ஷிப்ட். கலந்தாய்வு நேரம் தனியாக எழுதியிருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, கலையரங்கம். நான் பல வருடம் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன், இந்தச் சொல்லை வைத்து வந்த குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. கடிதத்தில் போடுகிற இடம் பெரும்பாலும் எல்லோரும் வந்து காத்திருக்கிற இடம்தான். வருகைப் பதிவு ஒரு மேசை, சான்றிதழ் சரிபார்ப்பு வேறு அறை, சீட் ஒதுக்குவது இன்னொரு அறை என்று இருக்கும். ஒரு கல்லூரியில் ஒரு அப்பாவும் பெண்ணும் காலை எட்டரையில் இருந்து கலையரங்கத்தில் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், அன்றைக்கு அங்கே வணிகவியல் பிள்ளைகளைத்தான் உட்கார வைத்திருந்தோம். அறிவியல் பாடங்களுக்கு வருகைப் பதிவு வேதியியல் துறை மாடியில் நடந்தது. பதினொரு மணிக்குத்தான் யாரோ அந்தப் பெண்ணின் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு மாடிக்கு அனுப்பினார்கள், அதற்குள் அவர் கேட்ட பாடம் முடிந்துவிட்டது. அந்தப் பெண் படியில் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதனால் போனில் “கலந்தாய்வு எங்கே நடக்கிறது” என்று கேட்காதீர்கள், “கலையரங்கம்” என்று கடிதத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: “பி.எஸ்சி. இயற்பியல், பொதுப் பட்டியல் 341, இந்தத் தேதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் முதலில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும், எந்த கேட் வழியாக வர வேண்டும்?” ஆபீசில் தெரியவில்லை என்றால் இயற்பியல் துறைத் தலைவரிடம் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், எந்த அறை என்று துறைக்குத் தெரிந்திருக்கும்.

நேரில் போக முடிந்தால் முந்தைய நாள் மாலை மூன்று மணிக்கு மேல் போங்கள். காலையில் போனால் ஒன்றும் தெரியாது. மூன்று மணிக்கு மேல்தான் பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள், கதவில் பாடப்பிரிவும் தரவரிசை எண்களும் எழுதிய வெள்ளைத்தாளை ஒட்டுவார்கள், தூணில் அம்புக்குறி போடுவார்கள். பெஞ்சு தூக்குகிற உதவியாளரைக் கேளுங்கள், எந்த அறைக்கு எந்தத் துறை என்று அவருக்குத் தெரியும். எந்த கேட் திறப்பார்கள் என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்கள். கூகுள் மேப்பில் கல்லூரிப் பெயரைப் போட்டால் வளாகத்தின் நடுவிலோ பின்பக்கச் சுவரிலோ கொண்டுபோய் விடலாம், அதனால் கேட்டில் நின்று உங்கள் போனில் அந்த இடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அறை எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 101 என்பது ஒரு கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கும், இன்னொன்றில் முதல் மாடியில் இருக்கும். பழைய கட்டடங்களில் கட்டிய வரிசைப்படி எண் போட்டிருப்பதும் உண்டு. கட்டடத்தின் பெயர், தளம், அறை எண் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ‘கலையரங்கம்’ வேறு, ‘கருத்தரங்கக் கூடம்’ வேறு என்பதும் ஞாபகம் இருக்கட்டும். முதலாவது மேடையோடு இருக்கிற பெரிய அரங்கம், இரண்டாவது பெரும்பாலும் ஒரு துறைக் கட்டடத்துக்குள் இருக்கிற சின்ன ஹால்.

கதவில் ஒட்டிய தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மழை பெய்தாலோ கரண்ட் போனாலோ ஹாலை மாற்றிவிடுவார்கள், அப்போது பழைய கதவிலேயே புதுத்தாள் ஒட்டுவார்கள். அதனால் காலையில் ஒன்பது மணிக்கு முன்னால் அதே கதவுக்குப் போய் தாள் நேற்றுப் பார்த்ததுதானா என்று போட்டோவோடு ஒப்பிட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் மகளின் பெயரும் விண்ணப்ப எண்ணும் இருக்கிறதா என்று கேட்டுக் கையெழுத்துப் போட்ட பிறகு உட்காருங்கள்.