வெள்ளைக் கொக்கு, ஆனால் எந்தக் கொக்கு?

கேள்வி: வயலில் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மஞ்சள் அலகு, கழுத்தில் லேசான ஆரஞ்சு. இதென்ன புது இனமா?

உண்ணிக்கொக்கு. மாடு நடக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளிகளைப் பிடிக்கத்தான் கூடவே வரும். கழுத்தும் அலகும் மற்ற வெள்ளைக் கொக்குகளைவிடக் கட்டை. இனப்பெருக்க காலத்தில் தலை, கழுத்து, முதுகில் ஆரஞ்சு ஏறும், பிறகு மறுபடி வெள்ளையாகிவிடும்.

கேள்வி: வேடந்தாங்கலில் ஜனவரியில் எடுத்த படம் இது. அலகும் காலும் கறுப்பு. சின்னக் கொக்குதானே?

கறுப்பு அலகு, கறுப்புக் கால் என்றால் சின்னக் கொக்கு என்பது நல்ல ஊகம்தான். ஆனால் அங்கே ஜனவரி கூடு கட்டும் காலம். அந்த நேரத்தில் பெரிய கொக்கின் மஞ்சள் அலகும் கறுத்துவிடும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு, வாய் பிளக்கும் கோடு எங்கே முடிகிறது என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் பறவைக்கு அது கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. பெரிய கொக்குக்கு மட்டும்தான் அப்படி. நடுத்தரக் கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும்.

இன்னும் இரண்டு சாட்சிகள் உண்டு. கண்ணுக்கு முன்னால் உள்ள தோல் பச்சையாகத் தெரிகிறது. பின்தலையில் தொங்கும் நீண்ட இறகுகள் இல்லை. கூடு கட்டும் காலத்துச் சின்னக் கொக்குக்கு அவை இரண்டு இருக்கும். ஆக, இது பெரிய கொக்கு.

கேள்வி: அப்போ சின்னக் கொக்கை எப்படி உறுதி செய்வது? அளவு பார்த்தால் போதாதா?

பக்கத்தில் வேறு பறவை இல்லாத படத்தில் அளவை நம்பவே கூடாது, ஜூம் லென்ஸ் எல்லாவற்றையும் பெரிதாக்கிவிடும். பாதத்தைப் பாருங்கள். கால் கறுப்பு, விரல்கள் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. சேற்றில் நின்றால் விரல் தெரியாது. அது காலைத் தூக்கும் வரை, இல்லையென்றால் பறக்கும் வரை காத்திருந்து எடுங்கள்.

கேள்வி: நான் எடுத்தது பழுப்புக் கோடு போட்ட பறவை. பறந்ததும் வெள்ளையாகிவிட்டது. அது எந்த வெள்ளைக் கொக்கு?

வெள்ளைக் கொக்கு இல்லை, மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வோம். இறக்கையை மடித்திருக்கும்போது வெள்ளை மறைந்துவிடும், விரித்தால்தான் தெரியும். குளத்தோரம் அசையாமல் நின்றதா? அதுவும் அதன் வழக்கம்தான்.

கேள்வி: ராமேஸ்வரம் கடற்கரை. சாம்பல் நிறம், தொண்டை வெள்ளை, விரல் மஞ்சள். என்ன பறவை?

கடற்கரைக் கொக்காக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த இனத்தில் கரும்சாம்பல், வெள்ளை இரண்டு நிறமும் உண்டு, இடமும் பொருந்துகிறது. ஆனால் அது சின்னக் கொக்கோடு கலந்து குஞ்சு பொரிப்பதுண்டு. உங்கள் படத்தில் அலகு நிழலில் இருக்கிறது. அதன் நிறமும் தடிமனும் தெரிகிற இன்னொரு படம் இருந்தால் அனுப்புங்கள், அதுவரை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.