‘3பி ஏன் இன்னும் போடல?’ மேனேஜரின் ஒற்றை வரிக்கு என்ன பதில்?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். போன மாதம் 19-ம் தேதி ராத்திரி 9.40-க்கு மேனேஜர் வாட்ஸ்அப்பில், ‘3பி ஏன் இன்னும் போடல? காலைல பதில் வேணும்’ என்று மட்டும் அனுப்பினார். ஜிஎஸ்டிஆர் 3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டனைத்தான் கேட்டார். சப்ளையர் ஒருத்தர் அவருடைய ரிட்டனைப் போடாததால் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் 1,40,000 ரூபாய் கிரெடிட் எங்களுக்கு வரவில்லை. அதற்காகத்தான் காத்திருந்தேன். ‘என் மேல தப்பில்ல சார்’ என்று ஆரம்பித்து, சப்ளையருக்குப் பலமுறை போன் செய்தது, மாதக் கடைசியில் ராத்திரிவரை உட்கார்ந்தது எல்லாம் எழுதி அப்போதே அனுப்பிவிட்டேன். ‘ஓகே’ என்று மட்டும் வந்தது. அவருக்கு என் மேல் கோபமா? வேலைக்கு ஆபத்தா? நான் என்ன எழுதியிருக்க வேண்டும்?
(பெயர் வெளியிட வேண்டாம், கோவை)

பதில்: கோபமா என்பதை அந்த ஒரு வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் தோழிகளாலும் முடியாது. ஜஸ்டின் க்ரூகர், நிகோலஸ் எப்லி என்ற அமெரிக்க உளவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார்கள். கிண்டலாகவும் கிண்டல் இல்லாமலும் எழுதிய மின்னஞ்சல் வரிகளைப் படித்தவர்கள் சரியாக இனம்கண்டது 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே பாதி சரியாக வரும். எழுதியவர்களோ 78 சதவீதம் புரிந்துவிடும் என்று நம்பினார்கள். அதனால் தொனியை விட்டுவிட்டு, வரியில் உண்மையில் இருப்பதைப் பாருங்கள்.

முதலில் தேதி. உங்களைப் போல மாதாமாதம் 3பி போடும் கம்பெனிக்குக் கடைசி நாள் 20. அவர் கேட்டது 19 ராத்திரி. அதாவது அப்போது எதுவும் தாமதமாகவில்லை, அபராதம் ஒரு ரூபாய்கூட விழவில்லை. அப்படியானால் எதற்கு அந்த அவசரம்? 1,40,000 கிரெடிட் இல்லையென்றால், அந்தத் தொகை மறுநாள் பேங்க்கில் ரொக்கமாக இருக்க வேண்டும். அதை ஏற்பாடு செய்யவேண்டியவர் அவர், அநேகமாக முதலாளியிடம் கேட்டு. அவருக்குத் தெரியாமல் இருந்தது அந்த ஒரு எண்தான்.

அடுத்து, ‘ஏன்’ என்ற சொல்லைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். ஒரு வேலையின் பெயர் இருக்கிறது, ஒரு நேரம் இருக்கிறது. இந்த இரண்டும் மட்டும் இருந்தால் அது வேலை எங்கே நிற்கிறது என்று கேட்கும் செய்தி. உங்களைப் பற்றி, உங்கள் பொறுப்பைப் பற்றி, நேர்மையைப் பற்றி ஒரு சொல் வந்திருந்தால்தான் அது வேறு வகை. சந்தேகம் தீரவில்லை என்றால், அவர் கடந்த இரண்டு மாதத்தில் உங்களுக்கும் குரூப்பிலும் போட்டதை மேலே தள்ளிப் பாருங்கள். எல்லோருக்கும் நாலு சொல்லில்தான் எழுதுகிறார் என்றால் அது அவர் கைப்பழக்கம். வழக்கமாக ‘வணக்கம்மா’ போடுகிறவர் உங்களுக்கு மட்டும் நிறுத்தியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் அதை நேரில் கேட்கலாமே தவிர, எழுத்தில் கேட்காதீர்கள்.

இப்போது நீங்கள் அனுப்பியது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருக்குத் தேவையான பதிலும் இல்லை. மாதாந்திர ரிட்டன் போடும் சப்ளையர் தன் விற்பனை ரிட்டனான ஜிஎஸ்டிஆர் 1-ஐ 11-ம் தேதிக்குள் போட்டால்தான் அந்த பில் 14-ம் தேதி உங்களுக்கு உருவாகும் கிரெடிட் பட்டியலான 2பி-யில் வரும். அதற்குப் பின் போட்டால் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். ஆகவே 14-ம் தேதி 2பி-யில் இல்லை என்று தெரிந்த பிறகு 19 வரை காத்திருந்ததால் அந்த மாதத்துக்குப் பயன் ஏதும் கிடையாது. உங்கள் மேனேஜருக்கு இது தெரிந்திருக்கும். ‘என் மேல தப்பில்ல’ என்று முதல் வரி வந்ததும், பிழை எங்கே என்று தேடுவதுதான் படிப்பவரின் முதல் வேலையாகிவிடும். தேடினால் இது அகப்படும். தற்காப்பாக எழுதும் பதில் காட்டிக்கொடுக்கும் இடம் இதுதான். ராத்திரிவரை உட்கார்ந்த கதை உண்மைதான், அதைச் சம்பள உயர்வு பேசும்போது சொல்லுங்கள். இங்கே அது கேட்காத கேள்விக்குப் பதில்.

என்ன எழுதியிருக்கலாம்? அன்று ராத்திரி ஒரே வரி போதும்:

‘பார்த்துட்டேனுங்க சார். காலைல 9 மணிக்குள்ள விவரம் அனுப்பிடறேன்.’

நீல டிக் விழுந்தும் சத்தமே இல்லாமல் இருந்தால் அவர் இன்னொன்று அனுப்புவார், அது இன்னும் காட்டமாக இருக்கும். இந்த வரி அதைத் தடுக்கிறது. உங்களுக்கும் ஒரு ராத்திரி அவகாசம் கிடைக்கிறது. நீளமான பதிலை வாட்ஸ்அப் பெட்டிக்குள் டைப் செய்யாதீர்கள். விரல் பட்டால் போய்விடும், அவர் திறந்து வைத்திருந்தால் நீங்கள் பத்து நிமிடமாக டைப் செய்வதும் தெரியும். போனில் உள்ள நோட்ஸில் எழுதி வையுங்கள். காலையில் 2பி-யையும் வரிக்கணக்கையும் திறந்து வைத்துக்கொண்டு எண்களைச் சரிபார்த்து, இப்படி அனுப்பலாம்:

‘சார், 3பி இன்னும் போடலீங்க, இன்னிக்குத்தான் கடைசி நாள். ஒரு சப்ளையர் பில் 2பி-ல வரல. அதனால 1,40,000 கிரெடிட் இந்த மாசம் எடுக்க முடியாது, அவர் போட்டதும் அடுத்த மாசம் எடுத்துக்கலாம். அதை விட்டுட்டு இன்னிக்கே போட்டுடலாமுங்க. பேங்க்ல கூடுதலா 1,40,000 வேணும். 14-ம் தேதியே உங்ககிட்ட சொல்லியிருக்கணும், சொல்லலீங்க. 11 மணிக்குள்ள ஓகே சொன்னீங்கன்னா 1 மணிக்குள்ள போட்டு ஏஆர்என் நம்பர் அனுப்பறேன்.’

முதல் வாக்கியமே அவர் கேட்டதற்குப் பதில்: இன்னும் போடவில்லை. காரணம் ஒரே வாக்கியம், சப்ளையரைத் திட்டாமல். பிறகு அவர் எடுக்கவேண்டிய முடிவும் அதன் விலையும். உங்கள் பங்கில் இருந்த பிழை ஒரே ஒரு முறை, எது என்று குறிப்பாக. கடைசியில் உங்கள் கையில் உள்ள நேரம். பணம் இன்று முடியாது என்று அவர் சொன்னால், தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், ரொக்கமாகக் கட்டவேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று அடுத்த வரியில் சொல்லுங்கள். முடிவு அவருடையது, அது எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது.

இனி எச்சரிக்கைகள். மேனேஜரின் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று ஆபீஸில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு ஆபீஸிலும் மேனேஜரின் மனசு தனக்குத் தெரியும் என்று சொல்லும் ஒருவர் இருப்பார். ‘அவர் உன் மேல செம கடுப்புல இருக்காரு, நான் பேசி வைக்கிறேன்’ என்பார். பேசவும் செய்வார். நீங்கள் பயந்துபோய் இருக்கிறீர்கள், ஏதோ மறைக்கிறீர்கள் என்ற செய்தி உங்களுக்கு முன்னால் மேனேஜர் அறைக்குப் போய்ச் சேரும். வெளியில் இருக்கும் சில ‘கன்சல்டன்ட்’கள் இன்னும் மோசம். ஒரு வரிக் கேள்விக்குக் காசு வாங்கிக்கொண்டு, ‘எனது உரிமைகளுக்குப் பங்கமின்றி’ என்று வக்கீல் நோட்டீஸ் நடையில் இரண்டு பக்கம் எழுதித் தருவார்கள். அதை அனுப்பிய நிமிடத்தில், வராத தகராறு வந்துவிடும். அதைத் தீர்க்கவும் அந்தக் கன்சல்டன்டிடமே போக வேண்டியிருக்கும். அவர்கள் பிழைப்பே அதுதான்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் உண்டு. ‘மன்னிச்சுடுங்க சார், எல்லாம் என் தப்புதான்’ என்று எழுதுவது பணிவு போலத் தெரியும். அது எழுத்தில் நிற்கும் ஒப்புதல். எது தப்பு என்று சொல்லாத ஒப்புதலை நாளைக்கு எதனுடனும் ஒட்டலாம்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் ஒரு விதிவிலக்கு, அதைக் கவனமாகப் படியுங்கள். செய்தி வேலையைக் கேட்காமல் உங்களைக் குற்றம் சாட்டினால், மேலே சொன்ன பதில் பொருந்தாது. ‘பெட்டி கேஷ்ல 12,000 எங்க போச்சு?’, ‘பில்லை நீதான் மாத்தினியா?’, ‘லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போ’ போன்றவை. அங்கே காரணம் விளக்கக்கூடாது, பிழையை ஏற்கவும் கூடாது, மறுத்து வாதாடவும் கூடாது. ‘செய்தி கிடைச்சதுங்க சார். எந்தத் தேதி, எந்த வவுச்சர்னு எழுத்துல குடுங்க, பார்த்துட்டு எழுத்துலயே பதில் தர்றேன்’ என்பதோடு நிறுத்துங்கள். அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள், சாட்டை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். கம்பெனி கணக்குகளையும் ஃபைல்களையும் அப்படி அனுப்பக்கூடாது, அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். வெள்ளைத்தாளிலோ தேதி போடாத ராஜினாமாவிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம், ‘சும்மா ஃபார்மாலிட்டி’ என்று யார் சொன்னாலும் சரி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்கக்கூடாது. ஒழுங்கீனம் என்று சொல்லி நோட்டீஸ் இல்லாமல் நீக்கினால், அதை விசாரணையில் சாட்சியத்தோடு நிறுவியிருக்க வேண்டும். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போய்விடும். அதனால்தான் எழுதச் சொல்கிறார்கள். இந்த நிலைக்குப் போனால் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலை நேராகப் பாருங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

உங்களுக்கு வந்தது இந்த வகை இல்லை.

ராத்திரி 9.40-க்கு ஒரு கணக்கர் பதறவேண்டியிருப்பதே அநியாயம்தான். நன்றாகக் கணக்குப் பார்த்தவரை மேனேஜராக்குகிறார்கள். கீழே இருப்பவருக்கு எப்படி ஒரு வரி எழுதுவது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தருவதில்லை. ‘2பி-யில் என்ன குறைகிறது, நாளைக்கு எவ்வளவு பணம் வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் உங்களுக்கும் தூக்கம் கெட்டிருக்காது, அவருக்கும் எண் கிடைத்திருக்கும். வேலை நேரத்துக்குப் பின் வரும் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லிருந்தே சட்டத்தில் வைத்திருக்கிறது. நம் மக்களவையில் அதற்கு வந்தது தனிநபர் மசோதாதான்.

அந்த ‘ஓகே’வுக்கு இப்போது விளக்கம் கேட்காதீர்கள், மன்னிப்பும் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கழித்துக் கிளறினால் அவர் மறந்ததை நீங்களே நினைவூட்டுவீர்கள். இந்த மாதம் 2பி வந்த மறுநாள், 15-ம் தேதி பகலில், அவர் கேட்குமுன் இதை அனுப்புங்கள்: ‘சார், 2பி பார்த்தாச்சுங்க. இத்தனை பில் வரல, கிரெடிட் இவ்வளவு குறையுது, கட்டவேண்டியது இவ்வளவு. 18-ம் தேதி 3பி போட்டுடறேனுங்க.’ அடுத்த மாதமும் 15-ம் தேதி அப்படியே அனுப்புங்கள்.