மொத்தமாக மெயில் அனுப்பும் முன் எதைச் சரிபார்ப்பது?

கேள்வி: பாண்டிச்சேரியில் சின்ன விருந்தினர் இல்லம் நடத்துகிறோம். பயண வலைப்பதிவர்களுக்கு மெயில் அனுப்பினால் தப்பான பெயர், திறக்காத லிங்க், பழைய டெம்ப்ளேட் வரி எல்லாம் போய்விடுகிறது. அனுப்பும் முன் என்னென்ன பார்க்கணும்?

டெம்ப்ளேட்டை எத்தனை தடவை படித்தாலும் இதெல்லாம் கண்ணில் படாது. பெயர்கள் சேர்ந்து வெளியே வரும் மெயிலைத்தான் படிக்கணும். பலரும் தங்கள் பெயரைப் போட்டு ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பார்கள். பெயர்ப் பட்டியல் ஷீட்டில் அந்த வரிசை ஒழுங்காக நிரம்பியிருக்கும், கோளாறு எதுவும் தெரியாது. அதற்குப் பதில் ஷீட்டை நகலெடுத்து, பெயர் காலியான வரிசை, இனிஷியலில் தொடங்கும் வரிசை, பிரெஞ்சுப் பெயருள்ள வரிசை என மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெயில் முகவரியை உங்களுடையதாக மாற்றி அனுப்புங்கள்.

அதிகம் அடிபடுவது நம் ஊர்ப் பெயர்கள்தான். `K. Senthilkumar` என்பதை இடைவெளியில் பிரித்தால் முதல் பெயர் `K.` ஆகிவிடும், மெயில் `Hi K.,` என்று தொடங்கும். முதல் பெயர் B நெடுவரிசையில் இருந்தால் பக்கத்து நெடுவரிசையில் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=LEN(SUBSTITUTE(TRIM(B2),".",""))<3
```

`TRUE` என்று வரும் வரிசைகளை மட்டும் கண்ணால் பார்த்தால் போதும். காலியான பெயரும் இதில் சிக்கும். `Om` மாதிரி நிஜமாகவே இரண்டெழுத்துப் பெயரும் சிக்கும், அதை விட்டுவிடலாம். உங்கள் பட்டியலில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய இருப்பார்களே, அதனால் ஷீட்டில் `Ã` என்றும் தேடுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரடியாகத் திறந்து சேமித்தால் `Hélène` என்பது `HÃ©lÃ¨ne` ஆகிவிடுவதுண்டு.

லிங்க்கை, வந்து சேர்ந்த சோதனை மெயிலிலிருந்தே அழுத்துங்கள். மேலே தெரியும் எழுத்து புதிதாக இருக்கும், அடியில் போன சீசன் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிரைவில் வைத்த அறை வாடகை பிடிஎஃப் உங்களுக்கு எப்போதும் திறக்கும், ஏனென்றால் நீங்கள் லாகின் ஆகியிருக்கிறீர்கள். அதே லிங்க்கை இன்காக்னிட்டோவில் ஒட்டிப் பாருங்கள். அனுமதி கேட்டால் பகிர்வு அமைப்பை மாற்றணும்.

மிச்சமிருக்கும் டெம்ப்ளேட் வரிகளில் `{`, `[` உள்ளவை தேடினாலே கிடைத்துவிடும். அடைப்புக்குறி இல்லாததுதான் ஆபத்து. பிச்சாவரம் பற்றி எழுதியவருக்கு "உங்கள் ஆரோவில் பதிவு அருமை" என்று போனால் எந்தத் தேடலும் பிடிக்காது. என் வழக்கம், பாராட்டும் வரியை டெம்ப்ளேட்டில் வைப்பதே இல்லை. பதிவின் தலைப்புக்குத் தனி நெடுவரிசை வைத்து, அவர் பக்கத்தைத் திறந்து அங்கிருந்தே நகலெடுத்து ஒட்டுவேன். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு அன்று மெயில் போகாது.