"விஷவாயு தாக்கி மூவர் பலி": பொய்யே இல்லாத செய்தியில் கருத்தியல் எங்கே?

கேள்வி: இதழியல் முதலாமாண்டு படிக்கிறேன். செய்திகள் ஏற்றத்தாழ்வை இயல்பாக்குகின்றன, அதுதான் ஊடக மேலாதிக்கம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். ஆனால் நான் படிக்கும் செய்திகளில் பொய் எதுவும் இல்லையே? ஒரு சாதாரணச் செய்தியில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வினைச்சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள். துணையாசிரியராக இருந்தபோது நானே பல தடவை எழுதிய ஒரு வகைச் செய்தியை அதே நடையில் தருகிறேன். இது குறிப்பிட்ட எந்தச் சம்பவமும் அல்ல.

"குடியிருப்பு ஒன்றின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய மூன்று தொழிலாளர்கள் உள்ளே இறங்கினர். அப்போது எதிர்பாராத விதமாக விஷவாயு தாக்கியதில் மூவரும் உயிரிழந்தனர். தகவலறிந்து வந்த தீயணைப்புத் துறையினர் உடல்களை மீட்டனர். இறந்தவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டுள்ளது. போலீசார் விசாரித்து வருகின்றனர்."

நீங்கள் சொன்னது சரி, இதில் பொய் இல்லை. இப்போது தொழிலாளர்கள் "இறங்கினர்" என்பதைப் பாருங்கள். இறங்கினான் தன்வினை, இறக்கினான் பிறவினை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். கூலி பேசி அவர்களை வரச் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். மூடியைத் திறந்துவிட்டு, இறங்கு என்று சொன்னவர் இருக்கிறார். தன்வினையில் எழுதியதும் அவர்கள் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்கள். அப்புறம் "தாக்கியது" யார்? விஷவாயு. முழுச் செய்தியிலும் குற்றம் செய்தது வாயு மட்டும்தான். வாயுவின் மேல் வழக்குப் போட முடியாது.

அடுத்தது "எதிர்பாராத விதமாக". மூடிய தொட்டியில் காற்றில்லாமல் கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் மொத்தமாகக் கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. உள்ளே இருப்பவர் ஆபத்து நீங்கியதாக நினைப்பார், அடுத்த சில நொடிகளில் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுவார். இந்தச் செய்திகளில் பெரும்பாலும் இரண்டு, மூன்று உயிர்கள் சேர்ந்தே போவது இதனால்தான். இவ்வளவு தெரிந்த ஒன்றை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? சட்டமே எதிர்பார்த்திருக்கிறது. கையால் மலம் அள்ளும் பணிக்கு ஆள் வைப்பது 1993 சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. 2013 சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் சேர்த்தது. பாதுகாப்புச் சாதனமும் முன்னேற்பாடும் இல்லாமல் ஒருவரை உள்ளே இறக்கினால், யாரும் சாகாவிட்டாலும், முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, அந்தச் செய்தியில் ஒரு குற்றம் விபத்தாக மாறியிருக்கிறது.

"நிவாரணம்" என்ற சொல்லைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993-லிருந்து இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தக் குடும்பம் உரிமையோடு கேட்டு வாங்க வேண்டிய தொகை அது. நிவாரணம் என்று எழுதினால் யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாகிவிடுகிறது.

இப்படி எழுதச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போட்டதில்லை. மேலாதிக்கம் என்பதன் மையமே இதுதான். இத்தாலியில் 1926-ல் சிறைப்பட்ட மார்க்சியச் சிந்தனையாளர் அந்தோனியோ கிராம்ஷி, அங்கே எழுதிய குறிப்பேடுகளில் யோசித்த கேள்வியும் இதை ஒட்டியதே: அடக்குமுறை மட்டும் போதாதபோது, மக்களின் சம்மதம் எப்படிக் கிடைக்கிறது? எப்போதும் இப்படித்தான், வேறு எப்படி இருக்கும் என்ற எண்ணம் பள்ளி, மதம், பத்திரிகை வழியாக ஊறிப் பொதுப்புத்தியாகிவிடுகிறது என்றார். என் மேசையில் அது நடந்த விதம் மிகச் சாதாரணமானது. இந்தச் செய்தி காவல் நிலையத்துக்குத் தினமும் போன் செய்யும் நிருபரிடமிருந்து வரும். போலீஸ் சொன்னதும் தீயணைப்புத் துறை சொன்னதும் இருக்கும். இறந்தவரின் மனைவி பேசியிருக்க மாட்டார். நூறு சொல்லுக்குள் முடிக்க வேண்டும், பக்கம் மூடும் நேரம். கை தானாக "விஷவாயு தாக்கி" என்று எழுதும். படிப்பவருக்கும் அது உறுத்தாது.

உறுத்தாததை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு வகை மரணத்தோடு ஒப்பிடுங்கள். 1956-ல் அரியலூர் ரயில் விபத்துக்குப் பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்றும் பெரிய ரயில் விபத்து என்றால் மறுநாளே சிக்னலா, தண்டவாளமா, யார் பொறுப்பு என்று செய்திகள் துருவுகின்றன. ரயிலில் நாமும் போகிறோம். செப்டிக் டேங்கில் இறங்குவது "அவர்கள்" என்று மனதில் எழுதாமலே எழுதியிருக்கிறது. அந்த "அவர்கள்" யார்? சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் நமஸ்தே திட்டக் கணக்கெடுப்பில் பதிவானவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் பட்டியல் சாதியினர். செய்தியில் சாதியைத் தேவையில்லாமல் குறிப்பிடக் கூடாது என்பது நல்ல நெறிதான். ஆனால் வேலையே சாதி பார்த்து வரும் இடத்தில் "தொழிலாளர்கள்" என்று மட்டும் எழுதினால், எல்லாருக்கும் சம வாய்ப்புள்ள ஒரு ஆபத்து போலத் தோன்றும். இறந்தவரின் சாதியைத் தலைப்பில் போடத் தேவையில்லை. இந்த வேலை யாரிடம் விடப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரே ஒரு செய்தியை வைத்து எந்தப் பத்திரிகையின் மீதும் தீர்ப்பு எழுதாதீர்கள். முதல் நாள் தகவல் குறைவாகத்தான் கிடைக்கும். ஒரே சம்பவத்தை நான்கைந்து ஏடுகளில் எடுத்து, வினைச்சொற்களை அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்தவர் யார் என்று எழுதுங்கள். மேலாதிக்கம் முழுமையாக வெல்வதும் இல்லை. கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்கப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற அமைப்பு 2022-ல் "எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்" என்று தெருவுக்கு வந்தபோது, பொதுப்புத்திக்குள்ளேயே ஒரு வினைச்சொல்லை மாற்றப் போராடியது. சில நிருபர்கள் மாற்றியும் எழுதுகிறார்கள்.

அதே செய்தியை நான் இப்போது எழுதினால் இப்படி இருக்கும்: "குடியிருப்பு நிர்வாகம் வரவழைத்த ஒப்பந்ததாரர், சட்டம் தடை செய்தும் மூன்று தொழிலாளர்களைச் செப்டிக் டேங்கில் இறக்கினார். மூவரும் இறந்தனர். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும்." யார் வரவழைத்தார், சாதனங்கள் கொடுக்கப்பட்டனவா என்பதை நிருபர் இன்னொரு போன் போட்டு உறுதி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து அந்தக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள். கவனக்குறைவால் மரணம் என்ற பொதுப் பிரிவு மட்டும் இருக்கிறதா (முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 106), 2013 சட்டமும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு, அந்த வித்தியாசத்தை எந்த ஏடாவது எழுதியதா என்று தேடுங்கள்.